குடியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகள்: பெத், சிடிடி, கல்லீரல் என்சைம்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரிப்போர்ட்டைக் கையில் கொடுக்கும் மேசை என்னுடையது. கவரைப் பிரித்து எண்ணைப் பார்த்ததும் வருகிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன்.

எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி ரெண்டும் நார்மல்தானே. அப்புறம் எதுக்கு இன்னொரு டெஸ்ட்?

அந்த இரண்டும் (இப்போதைய ரிப்போர்ட்டில் ஏஎஸ்டி, ஏஎல்டி என்று இருக்கும்) கல்லீரல் செல்லுக்குள்ளே வேலை பார்க்கும் என்சைம்கள். செல் அடிபட்டால் ரத்தத்தில் கசியும். பக்கத்து வீட்டில் தட்டு உடைந்த சத்தம் கேட்கிற மாதிரிதான் இது. ஏதோ உடைந்தது என்று தெரியும், யார் உடைத்தது என்று தெரியாது. மது, கொழுப்புக் கல்லீரல், வைரஸ் மஞ்சள் காமாலை, மாத்திரை, எது அடித்தாலும் என்சைம் ஏறும். ஏஎஸ்டி தசையிலும் இருப்பதால், கடுமையான உடற்பயிற்சிக்குப் பிறகுகூட கொஞ்சம் ஏறலாம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. வருடக்கணக்கில் நிறையக் குடித்தும் என்சைம் நார்மலாகவே இருப்பவர்கள் ஏராளம். என்சைம் சொல்வது கல்லீரல் இன்றைக்கு எவ்வளவு அடி வாங்குகிறது என்பதை. கடந்த சில வாரங்களில் குடி இருந்ததா என்பது வேறு கேள்வி. அதற்குத்தான் பெத்தும் சிடிடியும்.

பெத்னா என்ன? ரத்தத்துல இருக்கிற ஆல்கஹாலைத்தானே பார்க்கிறீங்க?

இல்லை. ரத்தத்தில் இருக்கும் ஆல்கஹால் சில மணி நேரத்தில் போய்விடும். நேற்று இரவு குடித்தவருக்கு இன்று மாலை எதுவும் மிஞ்சாது. பெத் என்பது ஃபாஸ்ஃபடிடைல் எத்தனால் என்ற பெயரின் சுருக்கம். அது ஒரு கொழுப்பு, சிவப்பணுவின் சவ்வில் உட்கார்ந்திருக்கும்.

சவ்வில் இயல்பாகவே ஃபாஸ்ஃபடிடைல் கோலின் என்ற கொழுப்பு உண்டு. ஃபாஸ்ஃபோலிபேஸ் டி என்ற என்சைம் அதில் இருக்கும் கோலினை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் தண்ணீரைச் சேர்க்கும். பக்கத்தில் ஆல்கஹால் இருந்தால் தண்ணீரை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிறப்பதுதான் பெத். ஆல்கஹால் இல்லாமல் இது உருவாகாது என்பதால் இதை நேரடி அடையாளம் என்கிறோம். சிவப்பணுவால் இதைச் சட்டென்று உடைத்துப்போட முடியாது. அதனால் ஆல்கஹால் போன பிறகும் இது வாரக்கணக்கில் நிற்கிறது.

பெத்தில் பல வகை உண்டு. ரிப்போர்ட்டில் 16:0/18:1 என்று பார்த்தால் பயப்பட வேண்டாம், அதிகமாகக் கிடைக்கும் வகையின் பெயர் அது. அதைத்தான் அளக்கிறோம்.

சிடிடியும் அதே மாதிரிதானா?

அது வேறு வழி. டிரான்ஸ்ஃபெரின் என்பது ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம். கல்லீரல் அதைச் செய்யும்போது கிளை கிளையாகச் சர்க்கரைச் சங்கிலிகளை மாட்டி, அவற்றின் நுனியில் சியாலிக் அமிலத்தை வைக்கும். பெரும்பாலான டிரான்ஸ்ஃபெரினில் இப்படி நான்கு இருக்கும். தினமும் நிறையக் குடித்தால் இந்த மாட்டும் வேலை கெடுகிறது. இரண்டே இருப்பதும், ஒன்றுமே இல்லாததும் கூடுகின்றன. மொத்த டிரான்ஸ்ஃபெரினில் இந்தக் குறைப்பிறவிகள் எத்தனை சதவீதம் என்பதுதான் சிடிடி எண். இன்று பொது அளவுகோலாக உள்ள முறையில் 1.7 சதவீதம் வரை இயல்பு. வேறு முறையில் அளந்தால் எல்லையும் மாறும். ஆகவே அந்த ரிப்போர்ட்டிலேயே அச்சடித்திருக்கும் எல்லையோடுதான் ஒப்பிட வேண்டும்.

ஒரு விருந்தில் குடித்ததற்கெல்லாம் இது ஏறாது. ஒரு நாளைக்கு 50 முதல் 80 கிராம் ஆல்கஹால், அதுவும் ஒன்றிரண்டு வாரமாவது தொடர்ந்து போனால்தான் பொதுவாக அசைகிறது. அந்த அளவில் குடிப்பவர்களிலும் எல்லோருக்கும் ஏறுவதில்லை.

எத்தனை நாள் வரைக்கும் காட்டும்?

பெத் பாதியாகக் குறைய ஆளைப் பொறுத்து ஏறத்தாழ 4 முதல் 10 நாள் ஆகிறது. கொஞ்சமாகக் குடிப்பவருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் மறைந்துவிடும். நிறையக் குடித்தவருக்கு நான்கு வாரம் தாண்டியும் நிற்கும். சிடிடி, நிறுத்திய பின் இரண்டு முதல் நான்கு வாரத்தில் இயல்புக்குத் திரும்பும்.

ஜிஜிடி என்ற இன்னொரு கல்லீரல் என்சைமும் மதுவுக்கு ஏறும், இறங்கப் பல வாரம் எடுக்கும். ஆனால் உடல் பருமன், சர்க்கரை நோய், பித்தக்குழாய் அடைப்பு, வலிப்பு மாத்திரை என்று அதை ஏற்றும் காரணங்களின் பட்டியல் நீளம். எம்சிவி என்பது சிவப்பணுவின் சராசரி அளவு. சிவப்பணுவின் ஆயுளே 120 நாள் போல என்பதால், குடியை நிறுத்தினாலும் அது மாதக்கணக்கில் பெரிதாகவே இருக்கும்.

20, 200னு ஏதோ எழுதியிருக்கு. எது பாஸ், எது ஃபெயில்?

பாஸ், ஃபெயில் கிடையாது. 2022-இல் பாசல் ஒருமித்த கருத்து என்ற பெயரில் இத்துறையினர் பெத்துக்கு ஒப்புக்கொண்ட எல்லைகள் அவை. மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே என்றால் குடிக்கவில்லை அல்லது மிகக் குறைவு. 20 முதல் 200 வரை மிதமான குடி. 200-க்கு மேல் என்றால் அண்மை வாரங்களில் தொடர்ந்து அதிகம்.

19-ம் 21-ம் வேறு வேறு மனிதர்கள் இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த அளவீட்டுக்கும் சின்ன ஆட்டம் உண்டு.

போன தடவை 0.41, இப்போ 120. குறைச்சிருக்கேன்னு சொன்னாரு, முந்நூறு மடங்கு ஏறியிருக்கே?

இந்தக் கேள்வியைக் கேட்ட அம்மா அழுதுகொண்டே வந்தார். மகன் பொய் சொல்கிறான் என்று வீட்டில் சண்டையே நடந்திருக்கிறது. இரண்டு தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எண்ணுக்கு அடுத்த சின்ன எழுத்தைப் பார்க்கச் சொன்னேன். முதல் தாள் ஒரு கூடத்தில் எடுத்தது, லிட்டருக்கு மைக்ரோமோல் கணக்கு. இரண்டாவது எங்களுடையது, மில்லிலிட்டருக்கு நானோகிராம்.

லிட்டருக்கு ஒரு மைக்ரோமோல் என்பது இந்த 16:0/18:1 வகைக்கு மில்லிலிட்டருக்கு 703 நானோகிராம். 0.41-ஐ 703-ஆல் பெருக்கினால் 288. அதாவது 288-இலிருந்து 120-க்கு இறங்கியிருக்கிறது. மகன் சொன்னது உண்மைதான். இப்போதெல்லாம் யார் இரண்டு ரிப்போர்ட்டை நீட்டினாலும் முதலில் அலகைத்தான் பார்க்கிறேன். முடிந்தால் மறுபரிசோதனையை அதே கூடத்தில் செய்வது நல்லது.

நாலு வாரமா தொடவே இல்ல. இன்னும் பாசிட்டிவ்னு வருது. மெஷின் தப்பா?

மெஷின் சரியாகவே இருக்கலாம், நீங்கள் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். மேலே சொன்ன 4 முதல் 10 நாள் என்ற வித்தியாசம் இங்கேதான் விளையாடுகிறது.

மூன்று பேர் ஒரே நாளில் நிறுத்துகிறார்கள், மூவருக்கும் அன்று 900 என்று வைத்துக்கொள்வோம். முதலாமவருக்கு 5 நாளுக்கு ஒருமுறை பாதியாகிறது, 28-ஆம் நாள் 19-க்கு வந்திருப்பார். இரண்டாமவருக்கு 7 நாள்: 450, 225, 112, கடைசியில் 56. மூன்றாமவருக்கு 10 நாள், அவர் 129 அருகில் நிற்பார். மூவரும் ஒரு சொட்டுகூடத் தொடவில்லை. ஆனால் ரிப்போர்ட்டில் ஒருவர் ‘இல்லை’ பக்கம், இருவர் ‘மிதமான குடி’ பக்கம்.

அதனால்தான் ஒரே எண்ணை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது என்று நான் மல்லுக்கு நிற்பது. இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்தால் விஷயம் தெளிவாகும். மூன்றாமவர் அப்போது 50 அருகில் இருந்தால் அவர் சொன்னது பொருந்துகிறது. 129 அப்படியே நின்றாலோ, 180 ஆனாலோ, இடையில் குடி நடந்திருக்கிறது என்றே நினைக்க வேண்டும். எண்ணைவிட அது போகும் திசைதான் நம்பகமான சாட்சி. சிகிச்சை தொடங்கும் நாளிலேயே ஒரு ரத்தம் எடுத்து வைத்திருந்தால் பாதிப் பிரச்சினை வராது. பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

பெத் 150, சிடிடி நார்மல். எதை நம்புறது?

இரண்டையும். சிடிடிக்கு எவ்வளவு குடி தேவை என்று மேலே பார்த்தோம். வாரத்தில் சில நாள் குடிப்பவர் அந்த அளவைத் தொடாமலே இருப்பார், பெத் மட்டும் காட்டும். பெத் நுண்ணியது, சிடிடி முரட்டுக் குடிக்குத்தான் எழுந்து நிற்கும். எனவே சிடிடி இயல்பு என்பது ‘குடிக்கவில்லை’ என்பதற்குச் சான்று ஆகாது.

என் கணவருக்கு சிடிடி 3.4, ஆனா அவர் வாழ்க்கையிலேயே குடிச்சதில்ல.

நடக்கும். முதலில் பெத் எடுத்துப் பாருங்கள். அதுவும் மறுபடி எடுத்தாலும் ‘இல்லை’ என்றே வந்தால், சிடிடிக்கு வேறு காரணம் தேட வேண்டும்.

சிலருக்குப் பிறவியிலேயே டிரான்ஸ்ஃபெரினின் வடிவம் சற்று வேறாக இருக்கும். மிக அரிதாக, சர்க்கரைச் சங்கிலி மாட்டுவதிலேயே பிறவிக் குறைபாடு இருக்கும். முற்றிய கல்லீரல் நோயிலும் கர்ப்பத்தின் பிற்பகுதியிலும் எண் ஏறுவதுண்டு. எந்த முறையில் அளந்தார்கள் என்று கேளுங்கள். வகைகளைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி அல்லது கேப்பிலரி எலெக்ட்ரோஃபோரசிஸ் என்றால் திரையில் மேடு மேடாக ஒரு வரைபடம் கிடைக்கும். பிறவி மாறுபாடு இருந்தால் வழக்கமில்லாத இடத்தில் கூடுதல் மேடு எழும். கல்லீரல் சுருக்கத்தில் இரண்டு மேடுகள் பிரியாமல் ஒட்டிக்கொண்டு, கணக்கையே கெடுத்துவிடும். வெறும் எண்ணை அச்சடிக்கும் முறையில் இதெல்லாம் கண்ணில் படாது. கல்லீரல் முற்றிப்போனவர்களுக்குப் பெத்தைப் பலரும் விரும்புவதற்கு இது முக்கியக் காரணம்.

ஒருத்தருக்கு என்சைம் ஏறியிருக்கு, இன்னொருத்தருக்கு ஏறல. குடிக்கிறவரு யாருன்னு கண்டுபிடிக்க முடியுமா?

ஒரே காலையில் வந்தது போல இரண்டு ரிப்போர்ட்டைக் கற்பனை செய்வோம். முதலாவது: ஏஎல்டி 78, ஏஎஸ்டி 52, ஜிஜிடி 96. பார்த்ததும் ‘இவர்தான்’ என்பார்கள். ஆனால் பெத் கண்டறியப்படவில்லை, சிடிடி 1.1. ஆளின் எடை அதிகம், சர்க்கரையும் உண்டு. கொழுப்புக் கல்லீரல் என்று டாக்டர் அந்தப் பக்கம் தேடுவார். ஏஎல்டி, ஏஎஸ்டியைவிட உயர்ந்திருப்பதும் அதற்கு ஒத்துப்போகிறது. மதுவால் வரும் கல்லீரல் அழற்சியில் வழக்கமாகத் தலைகீழ். ஏஎஸ்டி, ஏஎல்டியைப் போல இரண்டு மடங்கு இருக்கும்.

இரண்டாவது: ஏஎஸ்டி 38, ஏஎல்டி 34, ஜிஜிடி 44. எல்லாமே இயல்பு. பெத் 480, சிடிடி 2.1. கல்லீரல் இன்னும் முகம் சுளிக்கவில்லை, அவ்வளவுதான். என்சைமை மட்டும் பார்த்திருந்தால் முதலாமவர் மேல் பழி விழுந்து, இரண்டாமவர் கைகுலுக்கிவிட்டுப் போயிருப்பார்.

ஆப்பரேஷன்ல ரத்தம் ஏத்தினாங்க. அது டெஸ்ட்டைக் கெடுக்குமா?

கெடுக்கலாம். பெத் சிவப்பணுவில் ஒட்டியிருப்பது. ரத்தம் கொடுத்தவர் குடிப்பவராக இருந்தால், அவருடைய சிவப்பணுவோடு அவருடைய பெத்தும் உங்கள் உடலுக்கு வரும். சொட்டுகூடக் குடிக்காதவருக்கு இப்படிப் பாசிட்டிவ் வந்தது பதிவாகியிருக்கிறது. கல்லீரல் மாற்று சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களுக்கு இது பெரிய சிக்கல். அவர்களுக்குத்தான் ரத்தம் அடிக்கடி ஏற்றுகிறார்கள், அவர்களிடம்தான் பெத்தும் அடிக்கடி கேட்கிறார்கள். ரத்தம் ஏற்றிய தேதியை நீங்களாகவே சொல்லிவிடுங்கள், கேட்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

இதற்கு மறுபக்கம்: சிவப்பணு சீக்கிரம் அழியும் நோய் இருந்தால், பெத் உண்மையைவிடக் குறைவாகத் தெரியலாம்.

இருமல் மருந்து குடிச்சேன், சானிட்டைசர் போட்டேன். அதனால இருக்குமோ?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5 சதவீத ஆல்கஹால் உள்ள மருந்தை 10 மில்லி குடித்தால், உள்ளே போவது 0.4 கிராம். ஒரு சாதாரணக் கிளாஸ் மது என்று கணக்கிடுவது 10 கிராமும் அதற்கு மேலும். ஒரு கிளாசுக்கு ஈடாக 25 முறை மருந்து குடிக்க வேண்டும். 200-க்கு மேல் நிற்கும் எண்ணுக்கு இருமல் மருந்து காரணம் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள், நானும்தான். கையில் தடவும் சானிட்டைசரும் இந்த எண்களைத் தராது.

ஊசி குத்துமுன் தேய்க்கும் ஸ்பிரிட் பஞ்சு பற்றியும் கேட்கிறார்கள். பயப்படும் அளவு இல்லை. ஆனாலும் ஆல்கஹால் இல்லாத பஞ்சைப் பயன்படுத்துவதே ஒழுங்கு, பின்னால் வாதத்துக்கு இடம் இருக்காது.

வெறும் வயிற்றோட வரணுமா? எந்த நேரம் வரணும்?

வெறும் வயிறு தேவையில்லை. பெத்துக்கு முழு ரத்தம் வேண்டும், ஊதா மூடிக் குழாயில் எடுப்போம். சிடிடிக்கு உறைந்த ரத்தத்திலிருந்து பிரிக்கும் சீரம். இரண்டும் கேட்டிருந்தால் இரண்டு குழாய். பெத்துக்குச் சீரம் அனுப்பினால் பயனில்லை, பெத் இருப்பது சிவப்பணுவில் அல்லவா.

போதையோடு வந்து ரத்தம் கொடுக்காதீர்கள். குழாய்க்குள் ஆல்கஹால் இருந்தால், அந்த வெட்டி ஒட்டும் என்சைம் அங்கேயும் வேலையைத் தொடரும். எடுத்த பிறகும் பெத் கூடிக்கொண்டே போகும், மேசையில் வெப்பத்தில் வைத்துவிட்டால் இன்னும் மோசம். சந்தேகம் இருந்தால் கூடம் அதே ரத்தத்தில் ஆல்கஹாலையும் பார்த்துக் குறிப்பு எழுதிவிடும்.

பெத் 310னா தினமும் எத்தனை பெக் ஆகும்?

சொல்ல முடியாது. ஒரே அளவு குடித்த இருவரில் ஒருவருக்கு மற்றவரைவிடப் பல மடங்கு வருவது சாதாரணம். உருவாகும் வேகமும் அழியும் வேகமும் ஆளுக்கு ஆள் மாறுகின்றன. கடைசியாகக் குடித்தது எப்போது என்பதும் எண்ணை மாற்றும். 310-ஐப் பெக்காக மாற்றித் தரும் அட்டவணை எங்கேயாவது கண்ணில் பட்டால் நம்பாதீர்கள்.

அடுத்த மாசம் டெஸ்ட். இன்னைக்கே ஒரேயடியா நிறுத்திட்டா போதுமா?

தினமும் நிறையக் குடிப்பவராக இருந்தால் டாக்டரைக் கேட்காமல் அப்படிச் செய்யாதீர்கள். உடல் பழகிய நிலையில் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாளுக்குள் நினைவு தடுமாறி, காய்ச்சலும் நடுக்கமுமாக உயிருக்கே ஆபத்தாகலாம். கை நடுக்கம், வியர்வை, இல்லாதது கண்ணில் தெரிவது தொடங்கினால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மாத்திரை கொடுத்து பத்திரமாக நிறுத்த வழி இருக்கிறது.

நிறையத் தண்ணீர் குடித்தால் எண் குறையும் என்று நம்புபவர்களும் உண்டு. அது சிறுநீரை நீர்க்கச் செய்யும், சிவப்பணுவின் சவ்வில் இருக்கும் கொழுப்பைத் தொடாது. கல்லீரல் டானிக் குடித்துப் பெத்தைக் குறைப்பதும் நடக்காது.

20-க்குக் கீழேதான் வந்திருக்கு. ‘குடிக்கவே இல்லை’ன்னு எழுதித் தருவீங்களா?

தர மாட்டோம். எப்போதாவது ஒருமுறை கொஞ்சம் குடிப்பவரும் 20-க்குக் கீழே வருவார். ‘குடிக்காதவரிடம் எதிர்பார்க்கும் அளவுக்குள் இருக்கிறது’ என்பதுதான் அந்த எண்ணால் சொல்ல முடிந்த அதிகபட்சம்.

முழுவதும் விலகியிருப்பதைக் காட்ட வேண்டியவர்கள் பெத்தை மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள், முன்கூட்டியே நாள் சொல்லாமல். கடைசி சில நாள் மட்டும் சந்தேகம் என்றால், உடல் ஆல்கஹாலை மாற்றும்போது உண்டாகும் எத்தில் குளுக்குரோனைடைச் சிறுநீரில் பார்ப்பார்கள், அது குடித்த பின் இரண்டு முதல் ஐந்து நாள் வரை தங்கும். அங்கே தண்ணீர் குடித்து நீர்க்கச் செய்யும் தந்திரம் ஓரளவு எடுபடும். அதனால் கூடவே கிரியாட்டினினையும் அளந்து, சிறுநீர் எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று பார்த்துவிடுவார்கள்.